தாக்குதலும் அடுக்கும்

வலையமைப்புப் பாதுகாப்பு என்னும் பாடத்தைக் கற்கும் மாணவர், பரீட்சை நெருங்கியதும் செய்யும் முதல் வேலை ஒன்றுண்டு. ஒரு தாளை எடுத்து, இடப்புறத்தில் தாக்குதல்களின் பெயர்களை வரிசையாக எழுதுவர். வலப்புறத்தில் ஒவ்வொன்றும் எந்த அடுக்கினைச் சேர்ந்தது என ஓர் எண்ணைக் குறிப்பர். ஏ.ஆர்.பி. நஞ்சூட்டல் இரண்டு, சின் வெள்ளம் நான்கு, எச்.ரி.ரி.பி. வெள்ளம் ஏழு என்றவாறு அப்பட்டியல் நீளும். பின்னர் வாய்பாடு ஒப்புவிப்பது போல அதனைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பர்.

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் பிரித்ததும் இப்பட்டியல் கைவிட்டுவிடுகின்றது. ஏனெனில் வினாவில் தாக்குதலின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. "ஒரு கந்தோரின் இணையத்தளம் திறக்க மறுக்கின்றது, ஆயினும் இணைப்புக் கம்பியில் போக்குவரத்து மிகக் குறைவாகவே உள்ளது, காரணம் யாது, பரிகாரம் யாது?" என்றே வினா அமைந்திருக்கும். பெயரையும் எண்ணையும் மட்டும் மனனஞ் செய்தவருக்கு இவ்வினாவின் வாயில் எங்கிருக்கின்றது என்பதே புலப்படாது. நோயின் பெயர்களை மட்டும் கற்ற ஒருவர், நாடி பிடித்துப் பார்க்குமாறு கேட்கப்பட்டால் எவ்வாறு திகைப்பாரோ, அவ்வாறே அவரும் திகைப்பர்.

ஆகவே தாக்குதலை அடுக்கோடு பொருத்தும் முறையை மனனமாக அன்றி ஓர் ஆராய்ச்சியாகக் கைக்கொள்வது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் அடுக்குகள் எவை என்பதைச் சுருக்கமாக நினைவிற் கொள்வோம். சர்வதேச நியம நிறுவனம் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரி, வலையமைப்பின் வேலையை ஏழு அடுக்குகளாக வகுக்கின்றது. கீழிருந்து மேலாக எண்ணினால், பௌதிக அடுக்கு, தரவிணைப்பு அடுக்கு, வலையமைப்பு அடுக்கு, போக்குவரத்து அடுக்கு, அமர்வு அடுக்கு, முன்வைப்பு அடுக்கு, பிரயோக அடுக்கு என அவை அமையும். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ள அடுக்குக்கு ஒரு வாக்குறுதி அளிக்கின்றது. தரவிணைப்பு அடுக்கு, "ஒரே உள்ளூர் வலையமைப்பிலுள்ள ஒரு கணினியிடமிருந்து மற்றொன்றிடம் சேர்ப்பேன்" என்கின்றது. வலையமைப்பு அடுக்கு, "பல வலையமைப்புகளைக் கடந்து உரிய முகவரிக்குச் சேர்ப்பேன்" என்கின்றது. போக்குவரத்து அடுக்கு, "அக்கணினியில் இயங்கும் உரிய நிரலிடம் ஒழுங்கு குலையாது ஒப்படைப்பேன்" என்கின்றது. பிரயோக அடுக்கு, மனிதர் வேண்டிய பக்கத்தையோ கடிதத்தையோ அவர் கையிற் கொடுக்கின்றது.

இவ்வாக்குறுதியைக் காப்பாற்றும் பொருட்டு ஒவ்வோர் அடுக்கும் ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கின்றது. தபாற்கந்தோரில் எந்த ஊருக்கு எந்தப் பை என்று ஒரு பதிவு இருப்பதைப் போன்றது அது. வலையமைப்பு ஆளி, எந்தத் துவாரத்தில் எந்தக் கணினி உள்ளது என எழுதி வைக்கின்றது. வழிப்படுத்தி, எந்த முகவரிக்கு எவ்வழி என எழுதி வைக்கின்றது. சேவையகம், யார் யாரோடு இணைப்புத் தொடங்கியுள்ளது என எழுதி வைக்கின்றது. பொருத்தும் முறை முழுவதும் இவ்வொரு கருத்தின் மீதே நிற்கின்றது: தாக்குபவன் எந்தக் குறிப்பேட்டைக் கெடுக்கின்றான் அல்லது நிரப்புகின்றான் என்று காண்பவர், அத்தாக்குதலின் அடுக்கைக் கண்டவராவர். தீங்கு எங்கே தோன்றுகின்றது என்பதைக் கொண்டு அடுக்கைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் பிழைபடுவர். ஏனெனில் தீங்கு எப்பொழுதும் மேலேதான், மனிதர் கண்முன்னேதான் தோன்றும்.

இக்கருத்தை ஓர் உதாரணத்தால் ஆராய்வோம். ஒரு கல்விக்கூடத்தின் கணினி ஆய்வுகூடத்தை எண்ணிக்கொள்க. அங்கே மாணவி ஒருத்தியின் கணினிக்கு 192.168.1.10 என்னும் முகவரி. வெளியுலகுக்குச் செல்லும் வாயிலான வழிப்படுத்திக்கு 192.168.1.1 என்னும் முகவரி. அதே அறையில் 192.168.1.66 என்னும் முகவரியோடு தாக்குபவன் அமர்ந்திருக்கின்றான்.

மாணவியின் கணினி வெளியே ஒரு பொதியை அனுப்ப வேண்டுமாயின், வாயிலின் ஐ.பி. முகவரியை அறிந்திருப்பது மட்டும் போதாது. அறைக்குள்ளே பொதியைச் சுமந்து செல்லும் சட்டகத்தின் மீது வாயிலின் வன்பொருள் முகவரியை எழுத வேண்டும். அதனை அறியும் பொருட்டு, "192.168.1.1 யாருடையது?" என அறை முழுவதும் கேட்கும்படி அது வினவுகின்றது. உரியவர், "என்னுடையது, என் வன்பொருள் முகவரி இது" என விடையளிக்கின்றார். அவ்விடையைக் கணினி ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்கின்றது. இதுவே ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை. டேவிட் பிளம்மர் என்பவர் 1982ஆம் ஆண்டு இதனை வகுத்தளித்தார். விடையளிப்பவர் உண்மையாகவே உரியவர்தானா எனச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. கேளாத விடையைக்கூடப் பல கணினிகள் ஏற்றுக்கொள்ளும்.

தாக்குபவன் இப்பலவீனத்தையே பற்றிக்கொள்கின்றான். மாணவியின் கணினிக்கு, "192.168.1.1 என்பவன் நானே" எனச் சொல்கின்றான். அதேவேளையில் வாயிலுக்கு, "192.168.1.10 என்பவன் நானே" எனச் சொல்கின்றான். சில செக்கன்களுக்கு ஒருமுறை இரு பொய்களையும் மீண்டும் சொல்லி, அட்டவணைகள் தாமாகத் திருந்தாதபடி பார்த்துக்கொள்கின்றான். அதன் பின்னர் மாணவி அனுப்பும் யாவும் முதலில் அவனிடம் சென்று, அவன் பார்த்த பின்னரே வெளியேறும். வெளியிலிருந்து வரும் யாவும் அவ்வாறே அவன் கைகளைக் கடந்தே வந்து சேரும். மாணவிக்கோ எதுவும் மாறியதாகத் தோன்றாது. பக்கங்கள் சற்றுத் தாமதமாகத் திறக்கலாம், அவ்வளவே.

ஐயமுற்ற மாணவி தன் கணினியின் அட்டவணையைப் பார்க்க `arp -a` என்னும் கட்டளையைத் தட்டுகின்றாள். திரையில் இவ்வாறு தோன்றுகின்றது:

```
Internet Address    Physical Address     Type
192.168.1.1         02-00-00-00-00-66    dynamic
192.168.1.66        02-00-00-00-00-66    dynamic
```

வாயிலுக்கும் மற்றொரு கணினிக்கும் ஒரே வன்பொருள் முகவரி பதிவாகியிருக்கின்றது. இரண்டு வீட்டு இலக்கங்களுக்கு ஒரே கதவு என்றால் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் இதனை மட்டும் கொண்டு முடிவு கூறிவிடலாகாது. ஒரே கருவி இரண்டு முகவரிகளை முறைப்படி வைத்திருத்தலும் உண்டு. வாயிலின் உண்மையான வன்பொருள் முகவரி யாது என்பதை, அக்கருவியின் மீது ஒட்டப்பட்டுள்ள சீட்டிலோ நிருவாகியின் பதிவிலோ பார்த்து ஒப்பிட்ட பின்னரே பொய் உறுதியாகும்.

இப்பொழுது பரீட்சை வினாவுக்கு வருவோம். இத்தாக்குதல் எந்த அடுக்கினைச் சேர்ந்தது? மாணவர் பலர் மூன்று என எழுதிவிடுகின்றனர். பொய் சொல்லப்பட்டது ஐ.பி. முகவரியைப் பற்றியதன்றோ என்பது அவர்தம் நியாயம். வேறு சிலர் ஏழு என எழுதுகின்றனர். திருடப்பட்டது கடவுச்சொல்லன்றோ என்பது அவர்தம் நியாயம். இரண்டும் பொருந்தா என்பதை மூன்று கேள்விகளால் உணரலாம். இம்மூன்று கேள்விகளே மீட்டற் பயிற்சிக்குரிய கருவிகள்.

முதற் கேள்வி: கெட்ட குறிப்பேடு எது? இங்கே கெட்டது, ஐ.பி. முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரி எது என்னும் அட்டவணை. வழிகாட்டும் அட்டவணை கெடவில்லை. மாணவியின் பொதியின் மீது எழுதப்பட்ட ஐ.பி. முகவரிகள் இரண்டும் உண்மையானவை. சட்டகத்தின் மீது எழுதப்பட்ட வன்பொருள் முகவரி மட்டுமே பிழையானது. சட்டகம் இரண்டாம் அடுக்குக்குரியது.

இரண்டாங் கேள்வி: தாக்குபவன் எங்கே இருந்தாக வேண்டும்? ஏ.ஆர்.பி. செய்தி ஐ.பி. பொதிக்குள் வைத்து அனுப்பப்படுவதில்லை. நேரே சட்டகத்தில் ஏறிச் செல்கின்றது. சட்டகத்தின் வகைக் குறியீட்டில் ஐ.பி.க்கு 0x0800 என்றும் ஏ.ஆர்.பி.க்கு 0x0806 என்றும் தனித்தனி எண்கள் உள்ளன. வழிப்படுத்தி ஐ.பி. பொதிகளையே ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும்; ஏ.ஆர்.பி. செய்தி அதனைத் தாண்டாது. ஆதலின் கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து எவனும் இப்பொய்யை இவ்வறைக்குள் நேரே அனுப்ப இயலாது. அவன் அறையினுள்ளே இருத்தல் வேண்டும். அல்லது அறையிலுள்ள ஒரு கணினியை முன்னரே தன்வசப்படுத்தியிருத்தல் வேண்டும். எட்டும் தூரம் உள்ளூர் வலையமைப்போடு முடிகின்றது என்றால் அடுக்கு இரண்டு என்பது உறுதிப்படுகின்றது.

மூன்றாங் கேள்வி: எந்தக் காவல் இதனைக் காண வல்லது? ஐ.பி. முகவரிகளைப் பார்த்து விதிப்படி மறிக்கும் தீச்சுவர், ஏ.ஆர்.பி. செய்தியைத் தன் விதிகளுள் பார்ப்பதில்லை. மேலும் மாணவிக்குச் சொல்லப்படும் பொய் வாயிலைத் தொடாமலே ஆளியின் ஊடாகச் சென்றுவிடுகின்றது. எனவே காவலும் ஆளியிலேயே அமைதல் வேண்டும். எந்தத் துவாரத்தில் எந்த முகவரி வழங்கப்பட்டது என்னும் பதிவை ஆளி வைத்திருந்து, அதற்கு முரணான ஏ.ஆர்.பி. விடையை வீசிவிடும் ஏற்பாடு உண்டு. முகவரிகள் தானியங்கு முறையில் வழங்கப்படும்போது அப்பதிவு தானாக உருவாகின்றது. கையால் முகவரி இடப்பட்ட கணினி அப்பதிவில் இராது. அதனைத் தனியே எழுதிச் சேர்க்காவிடில், உண்மையான விடையும் பொய்யென்று வீசப்பட்டு, அக்கணினி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்படும். காவலை ஏற்படுத்திய மறுநாளே அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே வந்தமையால் இரண்டு என்று துணிந்து எழுதலாம். ஏழாம் அடுக்கு என்று எழுதியவர் கடவுச்சொல்லை மாற்றுமாறு பரிகாரங் கூறியிருப்பர்; புதிய கடவுச்சொல்லும் அதே வழியாக அவன் கைக்கே சென்றிருக்கும். பிழையான அடுக்கு என்பது ஒரு புள்ளி குறைவதோடு நில்லாமல், பிழையான பரிகாரத்துக்கும் இட்டுச்செல்லும். மேலடுக்கிலே செய்யத்தக்க உதவியும் ஒன்றுண்டு. பக்கம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், நடுவில் இருப்பவன் உள்ளடக்கத்தை வாசிக்க மாட்டான். தானே சேவையகம் என நடிக்க முயன்றால் சான்றிதழ் எச்சரிக்கை தோன்றும். அது தீங்கைக் குறைக்குமே தவிர, கெட்ட அட்டவணையைத் திருத்தாது. அவன் விரும்பினால் பொதிகளைக் கடத்தாது நிறுத்தி, மாணவியின் இணைப்பையே முடக்கிவிடலாம்.

இனி, தொடக்கத்திற் கூறிய வினாவை எடுத்துக்கொள்வோம். இணையத்தளம் திறக்க மறுக்கின்றது. கம்பியிலோ போக்குவரத்துக் குறைவு. இதே முறைப்பாட்டை இரண்டு வேறு தாக்குதல்கள் தோற்றுவிக்கக் கூடும். ஒன்று நான்காம் அடுக்கினது. மற்றையது ஏழாம் அடுக்கினது. இரண்டையும் பிரித்தறிவதே இம்முறையின் உரைகல்.

ரி.சி.பி. என்னும் போக்குவரத்து நெறிமுறையில் இரு கணினிகள் பேசத் தொடங்குமுன் மூன்று செய்திகள் பரிமாறப்படுகின்றன. வருபவர் 'சின்' என்னும் வேண்டுகோளை அனுப்புகின்றார். சேவையகம் 'சின்-அக்' என விடையளித்து, அவர் பெயரைப் பாதித் திறந்த இணைப்புகளின் ஏட்டில் எழுதிக் காத்திருக்கின்றது. வருபவர் 'அக்' எனப் பதிலளித்ததும் இணைப்பு முழுமை பெறுகின்றது. தாக்குபவன் முதற் செய்தியை மட்டும் அனுப்புகின்றான். அதுவும் பொய்யான அனுப்புநர் முகவரியோடு. சேவையகத்தின் விடை எங்கோ சென்று மறைகின்றது. மூன்றாவது செய்தி ஒருபோதும் வருவதில்லை. சேவையகமோ பல தடவை விடையை மீள அனுப்பிக் காத்திருக்கின்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் வழமையான அமைப்பில் இக்காத்திருப்பு அண்ணளவாக ஒரு நிமிடம் நீடிக்கும்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். அவ்வேட்டில் 256 வரிகளுக்கு இடமுண்டு எனக் கொள்வோம். ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ 60 செக்கன் தங்குகின்றது. அவ்வாறாயின் செக்கனுக்கு ஐந்து பொய் வேண்டுகோள்களே ஏட்டை எப்பொழுதும் நிரம்பிய நிலையில் வைத்திருக்கப் போதும். ஒரு வேண்டுகோள் மிகக் குறைந்த அளவில் 40 பைற்று ஆதலின், செக்கனுக்கு 200 பைற்று அளவே கம்பியிற் செல்கின்றது. கம்பி வெறுமையாகவே இருக்கின்றது; கதவு மட்டும் அடைபட்டுவிடுகின்றது. இக்காலச் சேவையகங்களில் ஏடு இதனினும் பெரிது. எனினும் நியாயம் ஒன்றே. 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூ யோர்க் நகரின் பனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனம் இத்தகைய தாக்குதலாற் பெரிதும் இடர்ப்பட்டதும், உலகின் கவனம் இதன்பாற் திரும்பியது.

மற்றைய தாக்குதலில் வருபவன் மூன்று செய்திகளையும் ஒழுங்காகப் பரிமாறிக்கொள்கின்றான். இணைப்பு முழுமை பெறுகின்றது. அதன் பின்னர், தரவுத்தளம் முழுவதையும் துழாவினாலன்றி விடை கூற முடியாத ஒரு தேடலைக் கேட்கின்றான். கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்கின்றான். ஒவ்வொரு வேண்டுகோளும் இலக்கணப் பிழையற்றது, முறையானது. சேவையகம் விடை தேடித் தேடிக் களைத்துவிடுகின்றது. இதுவே எச்.ரி.ரி.பி. வெள்ளம்.

வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. சேவையகத்தின் உள்ளே `netstat -an` என்னும் கட்டளையைத் தட்டிப் பார்ப்பவருக்கு அவை வேறு. முதலாவதில் `SYN_RECV` என்னும் நிலையில் நூற்றுக்கணக்கான வரிகள் தேங்கி நிற்கும். இரண்டாவதில் `ESTABLISHED` என்னும் நிலையில் வரிகள் மிகுந்திருக்கும். மையச் செயலியும் தரவுத்தளமும் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருக்கும். முதலாவதில் நிரம்பியது நான்காம் அடுக்கின் ஏடு. இரண்டாவதில் தீர்ந்துபோனது பிரயோகத்தின் உழைப்பு. கெட்ட குறிப்பேடு எது என்னும் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டாங் கேள்வி இங்கே ஒரு நுட்பத்தைக் கற்பிக்கின்றது. சின் வெள்ளத்தில் தாக்குபவன் உலகின் எப்பகுதியிலும் இருக்கலாம். அனுப்புநர் முகவரியையும் பொய்யாக எழுதலாம், ஏனெனில் விடை அவனுக்குத் தேவையில்லை. எச்.ரி.ரி.பி. வெள்ளத்திலோ அவன் சேவையகத்தின் விடையைப் பெற்று 'அக்' அனுப்பியாக வேண்டும். ஆதலின் அனுப்புநர் முகவரி உண்மையானதாகவே இருக்கும், அது வசப்படுத்தப்பட்ட பிறருடைய கணினியின் முகவரியாயினும். இதனால் மூன்றாங் கேள்வியின் விடையும் பிரிகின்றது. சின் வெள்ளத்தில் முகவரிகளைக் குறித்துத் தடை விதிப்பது பயன் தராது, பொய்ப்பெயர்களையே தடுத்தவராவோம். அங்கே பயன்படுவது சின் குக்கி என்னும் உபாயம். சேவையகம் ஏட்டில் எதனையும் எழுதாமல், எழுத வேண்டியதன் சாரத்தைத் தன் விடையிலுள்ள தொடரெண்ணிலே கணித்து வைத்து அனுப்பிவிடுகின்றது. உண்மையானவர் 'அக்' அனுப்பும்போது அவ்வெண் திரும்பி வருகின்றது. அதனைச் சரிபார்த்த பின்னரே இணைப்புக்கு இடம் ஒதுக்கப்படுகின்றது. எச்.ரி.ரி.பி. வெள்ளத்துக்கு இவ்வுபாயம் சிறிதும் உதவாது. அங்கே இணைப்புகள் யாவும் முறையானவை. ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை தேடல்களே ஏற்கப்படும் என எல்லை வகுத்தலும், விடைகளை முன்கூட்டியே சேமித்து வைத்தலும் அங்கே பொருந்தும்.

சின் வெள்ளத்தில் அனுப்புநர் முகவரி பொய்யாதலின் அது மூன்றாம் அடுக்கன்றோ என மாணவர் கேட்பது நியாயமே. பொய் முகவரி இங்கே வேடம், இலக்கு அன்று. வேடம் மூன்றாம் அடுக்கினது, இலக்கு நான்காம் அடுக்கினது. பரீட்சையில் இலக்கின் அடுக்கையே எழுத வேண்டும். எனினும் வேடத்தைக் களையும் காவல் ஒன்று மூன்றாம் அடுக்கில் உண்டு என்பதையும் சேர்த்து எழுதலாம். ஒவ்வொரு சேவை நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்கு உரியதல்லாத அனுப்புநர் முகவரியோடு வெளியேற முயலும் பொதிகளைத் தன் எல்லையிலே மறித்தல் வேண்டும் என்பதே அது. அது தாக்கப்பட்டவர் கையில் இல்லை; தாக்குபவன் இருக்கும் பக்கத்து நிறுவனத்தின் கையில் உள்ளது.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை அறியாது கையாள்பவர் ஏமாறுவர். ஐந்தாம் ஆறாம் அடுக்குகள் இன்றைய இணையத்தில் தனித்தனிக் கருவிகளாகக் காணப்படுவதில்லை. ஒருவர் தளத்துள் நுழைந்த பின்னர் அவருக்கு வழங்கப்படும் அடையாளக் குக்கியைத் திருடி அவராக நடிப்பதை, பாடநூல்கள் அமர்வுக் கடத்தல் எனப் பெயரிட்டு ஐந்தாம் அடுக்கில் வைப்பது வழக்கம். அக்குக்கியோ ஏழாம் அடுக்கின் எச்.ரி.ரி.பி. செய்தியிலேயே பயணஞ் செய்கின்றது. ஏழடுக்கு மாதிரியைக் குறித்துக் கேட்டால் பாடநூல் மரபின்படி ஐந்து என்று எழுதிக் காரணத்தையும் கூறுதல் தகும். இணையத்தின் நாலடுக்கு மாதிரியைக் குறித்துக் கேட்டால் ஐந்தும் ஆறும் ஏழும் பிரயோக அடுக்கென்ற ஒன்றுள் அடங்கிவிடும். வினா எந்த மாதிரியைக் குறிக்கின்றது என்பதை முதலில் அடிக்கோடிட்டுக் கொள்ளாதவர், விடை தெரிந்தும் புள்ளியை இழப்பர். ஏ.ஆர்.பி.யை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்டதெனக் கூறும் நூல்களும் உள. அத்தகைய வினாவில், அது நேரே சட்டகத்தில் ஏறிச் செல்வதையும் வழிப்படுத்தியைத் தாண்டாமையையும் ஒரு வரியில் எழுதி இரண்டெனக் கூறுபவரின் விடை, காரணத்தோடு நிற்கும்.

மனிதரை ஏமாற்றும் போலிக் கடிதம் எந்த அடுக்கிலும் அடங்காது. கடிதம் ஒழுங்காகவே வந்து சேர்ந்தது. எந்த ஏடும் கெடவில்லை. கெட்டது வாசித்தவரின் நம்பிக்கை. அதனை வலிந்து ஏழில் அடைப்பதினும், அடுக்குகளுக்கு வெளியே என ஒரு தனி வரி வைத்துக்கொள்வது நன்று.

இனி மீட்டற் பயிற்சியை நடத்தும் விதத்தைக் கூறலாம். வெற்றுத் தாளில் நான்கு நிரல்களை வரைக. முதல் நிரலில் தாக்குதலின் பெயருக்குப் பதிலாக அதன் அறிகுறியை எழுதுக. அடுத்த மூன்று நிரல்களும் மூன்று கேள்விகளுக்குரியவை: கெட்ட ஏடு, தாக்குபவன் இருக்க வேண்டிய இடம், காண வல்ல காவல். அடுக்கின் எண்ணை ஈற்றிலே, மூன்றும் நிரம்பிய பின்னரே எழுதுக. மூன்றும் ஓர் எண்ணைச் சுட்டாவிடில், எங்கோ ஒரு நிரல் பிழை; அல்லது சின் வெள்ளத்திற் போல வேடமும் இலக்கும் வெவ்வேறு அடுக்குகள். எது என்பதைக் கண்டுபிடிக்கும் முயற்சியே மீட்டல் ஆகும். நூலைத் திறந்து பார்ப்பது அதன் பின்னரே.

இப்பயிற்சியின் பயனை, முன்னர் கற்றிராத ஒரு வினாவைக் கொண்டு சோதிக்கலாம். அந்த மாணவியின் வினாத்தாளில் இவ்வாறு ஒரு வினா வருகின்றது எனக் கொள்வோம்: "ஓர் ஆளியின் ஒரு துவாரத்திலிருந்து சில செக்கன்களுள் பல்லாயிரம் புதிய வன்பொருள் முகவரிகள் தோன்றின. அதன் பின்னர், ஒருவருக்கென அனுப்பப்பட்ட சட்டகங்கள் எல்லாத் துவாரங்களிலும் வெளிவரத் தொடங்கின. விளக்குக." இத்தாக்குதலின் பெயரை அவள் கற்றதில்லை. ஆயினும் கேட்கின்றாள்: எந்த ஏடு? எந்தத் துவாரத்தில் எந்த வன்பொருள் முகவரி என்று ஆளி வைத்திருக்கும் அட்டவணை. அதன் இடம் எல்லையுடையது. எண்ணாயிரம் வரிகளே கொள்ளுமாயின் பல்லாயிரம் பொய் முகவரிகள் அதனை நிரப்பிவிடும். புதிய உண்மை முகவரிகளை எழுத இடமில்லை. எங்கே என அறியாத சட்டகத்தை ஆளி எல்லாத் துவாரங்களுக்கும் அனுப்புவது அதன் இயல்பு. தாக்குபவன் எங்கே? அந்தத் துவாரத்தின் மறுமுனையில், அதே கட்டடத்தில். எந்தக் காவல்? ஒரு துவாரத்தில் இத்தனை முகவரிகளே ஏற்கப்படும் என ஆளியிலேயே வரையறை செய்தல். மீறினால் துவாரத்தை மூடுதல்.

மூன்று விடைகளும் இரண்டு என்கின்றன. பெயர் தெரியாமலே அவள் அடுக்கையும் காரணத்தையும் பரிகாரத்தையும் எழுதி முடிக்கின்றாள். விடைத்தாளில் வெறுமையாக நிற்பது வன்பொருள் முகவரி வெள்ளம் என்னும் பெயர் ஒன்றே. அதற்கு ஒரு புள்ளி குறையலாம். பெயரை மட்டும் கற்றவர் இழக்கும் புள்ளிகளோடு ஒப்பிட்டால் அது சிறிது. பின்னொரு நாளில் ஓர் ஆளியின் முன்னே நின்று எந்தத் துவாரத்தை மூடுவதென அவள் தீர்மானிக்க நேர்ந்தால், அங்கே அவளுக்குப் பயன்படப் போவதும் அன்று எழுதிய அந்த மூன்று விடைகளே.